மாமா புகையிலை விட்டு ஒரு வருஷம்: என்ன பேசலாம்?

கேள்வி: என் அம்மாவின் தம்பி முப்பது வருஷமா வெற்றிலையோடு புகையிலை போட்டவர். போன மாட்டுப் பொங்கல் அன்னிக்கு விட்டார். வர்ற காணும் பொங்கலுக்கு மன்னார்குடி பக்கம் ஊர்ல எல்லாரும் கூடுறோம், ஒரு வருஷம் முழுசா ஆனதுக்காக நாலு வார்த்தை நீ பேசுன்னு அம்மா சொல்லிட்டாங்க. என்ன பேசுறது, எதை விடுறது?

பதில்:

தஞ்சை வட்டாரத்தில் ஒரு மருத்துவமனையில் பதினோரு வருஷம் புகையிலையை விட வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. என் அக்கா வீட்டுக்காரரும் உங்கள் மாமா மாதிரி வெற்றிலையோடு புகையிலை அதக்கியவர்தான். அவர் விட்டு ஒரு வருஷம் ஆனபோது நீடாமங்கலம் பக்கத்தில் அவர்கள் வீட்டு முற்றத்தில் நான் பேசினேன். அந்தப் பேச்சை எப்படித் தயார் செய்தேன் என்பதையே சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பேச உட்காருவதற்கு முன்னால், இந்த ஒரு வருஷம் எதைக் குறிக்கிறது என்று உங்களுக்குத் தெளிவாக வேண்டும். உடம்புக் கணக்கில் பார்த்தால் பெரிய வேலை முதல் மாதத்திலேயே முடிந்துவிடுகிறது. நிகோடின் சில நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலானவர்களுக்கு மூன்று நான்கு வாரத்தில் அடங்கிவிடும். அப்படியானால் மீதிப் பதினோரு மாதம் அவர் எதோடு மல்லுக்கட்டினார்?

இடத்தோடும் நேரத்தோடும். முப்பது வருஷமாகச் சாப்பிட்டு எழுந்ததும் கை வெற்றிலைப் பெட்டிக்குப் போயிருக்கிறது. காம்பைக் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பு தடவி, சீவல் வைத்து, கடைசியில் புகையிலையை ஒரு கிள்ளு. அந்தச் சுண்ணாம்புதான் புகையிலையில் இருக்கிற நிகோடினைக் கன்னத்துத் தோல் வழியாகச் சீக்கிரம் உள்ளே அனுப்புகிறது. அதனால் சாப்பாடு, டீக்கடை, வரப்பு, திண்ணை என்று ஒவ்வொரு இடமும் மூளைக்குள் புகையிலையோடு சேர்த்து முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. தினமும் வருகிற இடங்களில் அந்த முடிச்சு தினமும் கொஞ்சம் தளரும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடாமல் அறுபது நாள் இருந்துவிட்டால் அறுபத்தோராவது நாள் சுலபம். ஆனால் வருஷத்துக்கு ஒரே ஒரு முறை வருகிற இடங்கள் இருக்கின்றன. நடவு அன்று காலை, ஆடிப்பெருக்கு, ஊர்த் திருவிழா ராத்திரி, நெல்லுக்குக் காவல். ஆறு மாதமாக நினைப்பே வராமல் இருந்தவர் அங்கே போய் நின்றதும் நேற்றுத்தான் விட்டவர் மாதிரித் தவித்துப் போவார். அவருக்கே அது ஏன் என்று புரியாது.

ஆக ஒரு வருஷம் முழுசாக ஆனது என்றால், டெல்டாவின் ஒரு சுற்றை, குறுவையும் சம்பாவும் மழையும் அறுவடையும் கல்யாணமும் சாவும் சேர்த்து, புகையிலை இல்லாமல் ஒரு தடவை நடந்து வந்துவிட்டார் என்று அர்த்தம். உங்கள் பேச்சை இந்தச் சுற்றை வைத்தே கட்டுங்கள். எந்த ஊர்க்காரருக்கும் பொருந்துகிற பாராட்டாக இல்லாமல், உங்கள் மாமா ஒருவருக்கு மட்டுமே பொருந்துகிற பேச்சாக வரும்.

இதற்கு விஷயம் சேர்க்க வேண்டும். போன வருஷக் காலண்டரை எடுத்துக்கொண்டு மாமாவோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். "கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லடா" என்றுதான் பதில் வரும். இடத்தை வைத்துக் கேளுங்கள். ஆடிப்பெருக்கு அன்னிக்குப் படித்துறையில யார் யார் இருந்தாங்க, நடவுக்கு ஆள் வந்த அன்னிக்கு யார் வெற்றிலை வாங்கிட்டு வந்தது, இப்படி. ஆட்களின் பெயர் வர வர, கை எங்கே போனது, அப்போது என்ன செய்தார் என்பது தானாக வரும். என் அத்தானிடம் நான் இப்படிக் கேட்டபோது, முதல் கால் மணி நேரம் மழையைப் பற்றியே பேசினார். அதற்கு அப்புறம் நான் எழுத முடியாத வேகத்தில் சொன்னார்.

அவருக்கு மிகக் கடினமாக இருந்தது எது என்று நான் நினைத்ததும் அவர் சொன்னதும் வேறு. குறுவை நடவுதான் என்று நினைத்தேன். நடவுக்கு வருகிற பெண்களுக்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை வாங்கித் தருவது அவர்கள் வீட்டு வழக்கம். வாங்கி வருவது அவர் கை. அந்த வருஷம் அவர் கடைக்கே போகவில்லை, அதற்குப் பதில் கூலியோடு ஆளுக்கு இருபது ரூபாய் சேர்த்துக் கொடுத்தார். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான், அது கடந்து போனது. ஐப்பசியில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார். குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, மேகத்தைப் பார்த்துக்கொண்டு தார்ப்பாயோடு மூன்று ராத்திரி காவல். சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேர் வாயிலும் புகையிலை. தூக்கம் வரக் கூடாது, செய்ய வேலையும் இல்லை. மூன்று ராத்திரியும் கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு, தவிப்பு வரும்போதெல்லாம் எழுந்து குவியலைச் சுற்றி நடந்தாராம். தவிப்பு ஒவ்வொரு தடவையும் சில நிமிஷம்தான் நிற்கும், ஒரு சுற்று முடிவதற்குள் இறங்கிவிடும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன் என்றார். இதை எந்தப் பேச்சாளரும் கற்பனையில் எழுதிவிட முடியாது.

மாமாவிடம் கேட்ட மாதிரியே உங்கள் அத்தையிடமும் தனியாகக் கேளுங்கள், முக்கியமாக முதல் பத்து நாளைப் பற்றி. பல வீடுகளில் அந்தப் பத்து நாளின் காயம் ஒரு வருஷம் கழித்தும் ஆறாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். என் அத்தான் விட்ட மூன்றாம் நாள், தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டதற்காகப் பேரனை அடிக்கப் போனார். இரண்டு நாள் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கொடுத்த வெற்றிலைப் பெட்டியை ஒளித்து வைத்ததற்காகத் தன் மேல் கோபம் என்று அக்கா மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தாள். அது நிகோடின் இறங்குகிற நேரத்தில் வருகிற எரிச்சல், எதிரே யார் நின்றாலும் அவர் மேல் பாயும். இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் அவள் அவ்வளவு அழுதிருக்க மாட்டாள். சொல்லாமல் விட்டதில் எனக்கும் பங்கு உண்டு, நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன், வீட்டுக்குச் சொல்லவில்லை. அதனால் என் பேச்சில் அந்த வாரத்துக்கு ஒரு இடம் கொடுத்தேன். ஒரு சபையில் அவர் மன்னிப்புக் கேட்காமலே, நடந்தது என்ன என்று வீட்டுக்காரர்களுக்குப் புரிய வைக்கலாம்.

அடுத்து, நீங்கள் கேட்கத் தயங்கக்கூடிய ஒரு விஷயம். நடுவில் ஒரு தடவை போட்டிருந்தால்? என் அத்தான் போட்டார். புரட்டாசியில் அவருடைய பள்ளிக்கூட நண்பர் இறந்துபோனார். சாவு வீட்டில் தாம்பாளம் சுற்றி வந்தது, கை தானாக எடுத்தது. எட்டு மாதத்தில் உடம்பு பழக்கம் மறந்திருந்ததால் தலை சுற்றிக் குளத்தங்கரையில் போய்த் துப்பினார். ராத்திரி போன் செய்து, "எல்லாம் போச்சுடா" என்றார். சிகரெட்டை விட்டவர்களைக் கணக்கெடுக்கும் ஆய்வுகளில் ரஸ்ஸல் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. விட ஆரம்பித்ததிலிருந்து ஐந்து சிகரெட் வரை தவறியிருந்தாலும் அவரை விட்டவர் கணக்கிலேயே அது சேர்க்கும். மெல்லுகிற புகையிலைக்கென்று வந்த கணக்கு இல்லை அது, ஆனாலும் அதற்குப் பின்னால் இருக்கிற அறிவு இங்கேயும் செல்லும். ஒரு தடவை வழுக்குவது வேறு, பழையபடி திரும்பிப் போவது வேறு. அன்றைக்கு வழுக்கியவரை மறுநாள் திரும்பிப் போக வைப்பது பெரும்பாலும் எல்லாம் போச்சு என்கிற அந்த நினைப்புத்தான். அத்தானுக்கு அன்றிரவு நான் சொன்னது இதுதான், நாளைக் காலையில் போடாமல் இருந்தால் வருஷம் அப்படியே நிற்கிறது.

இதைப் பேச்சில் சொல்லலாமா என்பது முழுக்க அவர் விருப்பம். சொல்லச் சம்மதித்தால், அந்தப் பேச்சிலேயே கேட்கிறவர்களுக்கு அதிகம் பயன்படுகிற வரி அதுவாகத்தான் இருக்கும். சம்மதிக்கவில்லை என்றால் சொல்லாதீர்கள், ஆனால் "ஒரு தடவைகூடத் தொடவில்லை" என்றும் சொல்லிவிடாதீர்கள். அவர் அங்கே உட்கார்ந்து அந்தப் பொய்யைத் தாங்க வேண்டியிருக்கும்.

உடம்பைப் பற்றி எவ்வளவு பேசலாம்? மிகக் குறைவாக. ஒரு வருஷத்தில் மாரடைப்பு அபாயம் பாதியாகக் குறையும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள், அது புகைப்பவர்களுக்கான கணக்கு. உங்கள் மாமா மென்றவர், அவருக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டாம். அவர் விஷயத்தில் கவனிக்க வேண்டியது வாய். இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. "புகையிலையைத்தான் விட்டுட்டாரே, இப்போ வெறும் வெற்றிலை சீவல்தான், அது ஜீரணத்துக்கு நல்லது" என்று மேடையில் சொல்லிவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கும் தனியாகவே மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று தெளிவாக வகைப்படுத்திவிட்டது. வாய் இறுகிப்போய்த் திறக்க முடியாமல் ஆகிற நோய்க்கும் பாக்குத்தான் காரணம், புகையிலையை விட்டாலும் பாக்கு தொடர்ந்தால் அது நிற்காது. வெற்றிலைக் கொடிக்காரர்கள் வருத்தப்பட வேண்டாம், 2025இல் புவிசார் குறியீடு வாங்கிய கும்பகோணம் வெற்றிலை மேல் நான் குற்றம் சொல்லவில்லை, அதற்குள் மடித்து வைப்பதைச் சொல்கிறேன்.

என் அத்தானும் முதல் இரண்டு மாதம் வெறும் சீவல் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை மென்றபோதும் புகையிலை எங்கே என்று நாக்கு தேடியதாம். மூன்றாம் மாதம் சீவலையும் நிறுத்தினார், அதற்கு அப்புறம்தான் நிம்மதி என்றார். உங்கள் மாமா இன்னும் சீவல் போடுகிறார் என்றால் அன்றைக்கு அதைக் குத்திக்காட்ட வேண்டாம், புகழவும் வேண்டாம். கூடுகிற நாளுக்கு முன்னால் ஒரு பல் மருத்துவரிடம் அவர் வாயைக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், அவருடைய மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நுழைக்க முடியாத அளவுக்கு வாய் குறுகியிருப்பது, இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. முப்பது வருஷம் போட்டவருக்கு விட்ட பிறகும் சில வருஷம் இந்தப் பரிசோதனை வேண்டும். இதைப் பேச்சில் வைக்காமல் தனியாகச் செய்யுங்கள்.

இனி நேரம். தயவுசெய்து பந்திக்கு முன்னால் பேசிவிடுங்கள். சாப்பிட்டு முடிந்த நேரம்தான் வெற்றிலை போடுகிறவருக்கு மிகவும் பலவீனமான நேரம். அப்போது பாதிப்பேர் திண்ணைக்குப் போய்விடுவார்கள், அங்கே யாரோ ஒருவர் பொட்டலத்தைப் பிரிப்பார். புகையிலையை விட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த வாசனை வந்தால் மாமாவுக்கு எப்படி இருக்கும்? தாம்பூலம் இல்லாமல் விசேஷமா என்று பெரியவர்கள் கேட்பார்கள், நியாயம்தான். நாங்கள் வெற்றிலை, முழுக் கொட்டைப்பாக்கு, மஞ்சள், தேங்காய், பழம் எல்லாம் பையில் போட்டு விடைபெறும்போது கொடுத்தோம். பந்தி முடிந்ததும் தாம்பாளத்தில் சோம்பு, கற்கண்டு, ஏலக்காய், கிராம்பு வைத்தோம். சீவலும் சுண்ணாம்பும் வெளியே எடுக்கவே இல்லை. ஒரே ஒரு பெரியவர் மட்டும் கேட்டார், அவரும் அப்புறம் ஏலக்காயை எடுத்துக்கொண்டார்.

சொல்லக் கூடாதவை அதிகம் இல்லை. "ஒருவழியா திருந்திட்டார்" என்று சொல்லாதீர்கள், அவர் திருட்டு ஒன்றும் செய்யவில்லை. "இனி ஜென்மத்துக்கும் தொட மாட்டார்" என்று அவருக்காக நீங்கள் சத்தியம் செய்யாதீர்கள். நாளைக்கு எங்காவது வழுக்கினால் அந்த வார்த்தைக்குப் பயந்தே மறைப்பார், மறைப்பதுதான் ஆபத்து. அங்கே உட்கார்ந்திருக்கிற இன்னொரு புகையிலைக்காரரை, அவர் தம்பியோ சம்பந்தியோ, பெயர் சொல்லியோ பார்வையாலோ சுட்டாதீர்கள். அவர் எழுந்து போய்விடுவார், போகாமல் இருந்தால்தான் நாம் சொல்வது அவர் காதில் விழும்.

நான் பேசியது இது. நான்கு நிமிஷத்துக்குள் முடிந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். பந்தி போடுறதுக்குள்ள முடிச்சிடுறேன்.

போன வருஷம் மாட்டுப் பொங்கல் அன்னிக்கு மாட்டுக்குக் கொம்புல வர்ணம் அடிச்சு முடிச்சிட்டு, கையைக் கழுவிட்டு, அத்தான் அவர் வெற்றிலைப் பெட்டியை அக்கா கையில கொடுத்தார். இதை எங்கயாவது வையின்னார். அக்கா அரிசிப் பானைக்குப் பின்னால வச்சா. அது இன்னும் அங்கதான் இருக்கு.

அதுக்கு அப்புறம் வந்த பத்து நாளை இந்த வீட்டுல இருக்கிற யாரும் மறக்கல. அத்தான் பேசல, பேசினா சத்தமாப் பேசினார். சின்னவன் ஒரு வாரம் தாத்தா பக்கமே போகல. அக்கா தன் மேலதான் கோபம்னு நெனச்சா. அக்கா, உன்கிட்டயும் சின்னவன்கிட்டயும் நான் இதைப் போன வருஷமே சொல்லியிருக்கணும். முப்பது வருஷமா உடம்புக்குள்ள தெனம் ஆறு தடவை போன ஒரு பொருள் திடீர்னு நின்னா, எப்பேர்ப்பட்ட மனுஷனுக்கும் அப்படித்தான் ஆகும். அந்தக் கோபம் உங்க மேல வந்தது இல்ல. உள்ளே அவர் அதோட சண்டை போட்டுட்டு இருந்தார், நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல நின்னீங்க.

அந்தப் பத்து நாள் முடிஞ்சதும் வேலை முடிஞ்சிடுச்சுன்னு நாங்க எல்லாரும் நெனச்சோம். முடியல. பங்குனியில திருவிழா வந்துச்சு, விடிய விடிய நாதஸ்வரம், விடிய விடிய முழிப்பு. ஆனியில குறுவை நடவு வந்துச்சு. நடவாளுக்கு வாங்கிக் கொடுக்கிற வெற்றிலை புகையிலையை இந்தக் கையால வாங்க மாட்டேன்னு கூலியோட காசா சேர்த்துக் கொடுத்தார். ஆடிப்பெருக்கு அன்னிக்குப் படித்துறையில கூட்டாளிங்க எல்லாரும் பெட்டியைத் திறந்தப்போ, இவர் பேத்தியைத் தூக்கிக்கிட்டுத் தண்ணியைப் பார்க்கப் போயிட்டார். பேத்திக்கு அன்னிக்கு ஏன் அவ்வளவு நேரம் தண்ணி பார்க்கக் கிடைச்சதுன்னு இப்பத்தான் தெரிஞ்சிருக்கும்.

ஐப்பசியில கொள்முதல் நிலையத்துல மூணு ராத்திரி நெல்லுக்குக் காவல் இருந்தார். வாயில ஒரு கிராம்பு. தவிப்பு வரும்போதெல்லாம் எழுந்து நெல்லுக் குவியலை ஒரு சுத்து. எத்தனை சுத்துன்னு கேட்டேன், எண்ணலன்னார்.

நடுவுல ஒரு நாள் சறுக்கவும் செஞ்சார். இதைச் சொல்லுன்னு அவரே சொன்னார். புரட்டாசியில கூட்டாளி போன அன்னிக்கு, சாவு வீட்டுத் தாம்பாளத்துல கை போயிடுச்சு. துப்பிட்டு வந்து, ராத்திரி எனக்குப் போன் பண்ணினார். மறுநாள் காலையில டீயைக் குடிச்சிட்டு வயலுக்குப் போனார், கடைக்குப் போகல. இந்த வருஷத்துலயே எனக்குப் பெரிய நாள் அந்த மறுநாள்தான்.

புகையிலைக்கு மட்டும் தெனம் இருபது ரூபாய், வருஷத்துக்கு ஏழாயிரத்து முந்நூறு. அந்தக் காசுல அத்தான் என்ன வாங்கினார்னு அக்காவைக் கேட்காதீங்க, கையைப் பாருங்க.

அக்காவோட மாமனார் எப்படிப் போனார்னு இங்க எல்லாருக்கும் தெரியும். அவர் இன்னிக்கு இருந்திருந்தா இந்த முற்றத்துல முதல் ஆளா உட்கார்ந்திருப்பார்.

அத்தான், நாளைக்கு அடுத்த வருஷம் ஆரம்பிக்குது. நடவு திரும்ப வரும், மழை திரும்ப வரும். எப்போ வேணும்னாலும், எந்த ராத்திரியா இருந்தாலும், அன்னிக்குப் பண்ணின மாதிரி போன் பண்ணுங்க. இப்போ வாங்க, இலை போடச் சொல்லுங்க, முதல் பந்தியில உங்க பக்கத்துல நான் உட்காருறேன்."

இதில் சில இடங்களை ஏன் அப்படி வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மாமனார் வாய்ப் புற்றுநோயில் போனவர். அந்த வீட்டில் அதைச் சொல்லாமல் பேசினால் எல்லோருக்கும் அது சொல்லாததாகவே கேட்கும், விரித்துச் சொன்னால் அக்கா அழுவாள், அன்றைய நாள் அவர் நாளாகிவிடும். அதனால் இரண்டே வரி, நோயின் பெயர் இல்லாமல். காசுக் கணக்கையும் ஒரே இடத்தில் சொல்லிவிட்டு நகர்ந்தேன். தினம் ஆறு தடவை வீதம் வருஷத்துக்கு 2190 தடவை வென்றார் என்று முதலில் எழுதியிருந்தேன், அதை எடுத்துவிட்டேன். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உண்மை இல்லை. முதல் மாதம் தினம் ஆறு தடவை வந்த தவிப்பு, கடைசி மாதங்களில் வாரத்துக்கு ஒரு தடவைகூட வந்திருக்காது. அது குறைந்துகொண்டே வரும் என்பதுதான் அங்கே உட்கார்ந்திருந்த மற்ற புகையிலைக்காரர்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி. வருஷம் முழுக்க ஒரே மாதிரி சண்டை என்று காட்டினால் அவர்கள் ஆரம்பிக்கவே பயப்படுவார்கள்.

அவர் முதல் சில வாரம் நிகோடின் சுயிங்கம் பயன்படுத்தியதையும் பேச்சில் சொல்லவில்லை, ஆனால் யாராவது கேட்டால் சொல்லத் தயாராக இருந்தேன். கேட்டார்கள். முதல் நாள் அதை வெற்றிலை மாதிரி மென்று சாற்றை விழுங்கி, விக்கலும் குமட்டலும் வந்து, இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டார். மெதுவாக நாலைந்து தடவை கடித்து, நாக்கில் சுரீர் என்றதும் கன்னத்தில் அதக்கி வைக்க வேண்டும், சுரீர் போனதும் திரும்ப மெதுவாகக் கடிக்க வேண்டும். காபி குடித்த கையோடு போட்டால் வேலை செய்யாது, கால் மணி நேரம் இடைவெளி வேண்டும். அதக்குவதில் முப்பது வருஷப் பழக்கம் இருந்ததால், சொன்னதும் பிடித்துக்கொண்டார். உங்கள் கூட்டத்திலும் யாராவது ஓரமாக வந்து இப்படி ஏதாவது கேட்கலாம். மேடையில் எந்த எண்ணையும் அறிவிக்காதீர்கள், கேட்கிறவருக்கு மட்டும் 1800-112-356 என்ற இலவச எண்ணைக் குறித்துக் கொடுங்கள். தமிழிலும் பேசுவார்கள், புகையிலைப் பொட்டலத்தின் மேலேயே அந்த எண் அச்சடித்திருக்கும்.

கடைசியாக ஒன்று. பேச்சை எழுதி முடித்ததும், முதல் நாள் சாயங்காலம் மாமாவிடம் முழுசாகப் படித்துக் காட்டிவிடுங்கள். நான் படித்துக் காட்டியபோது அத்தான் இரண்டு இடத்தில் நிறுத்தினார். பேரனை அடிக்கப் போனதை விவரமாக எழுதியிருந்தேன், "பையன் எதிர்ல அது வேண்டாம்" என்றார், சின்னவன் பக்கமே போகவில்லை என்று மாற்றினேன். இன்னொரு இடத்தில், இந்த வீட்டில் இனிமேல் புகையிலை வாசனையே வராது என்று முடித்திருந்தேன். அதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதை நீ சொல்லாத, நாளைக்கு வர்றதை நான் நாளைக்குப் பார்த்துக்கிறேன். நீ பக்கத்துல உட்காருறேன்னு மட்டும் சொல்லு" என்றார். அந்தக் கடைசி வரி அப்படி வந்ததுதான்.